ரெண்டு டிவிஷனுக்கும் மீடியன் 55, ஆனால் பெட்டிகள் ஒரே மாதிரி இல்லையே?

மீனாட்சிபுரம் டீச்சர்

வணக்கம். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், எல்லையை ஒட்டிய ஒரு ஹைஸ்கூலில் கணக்கு எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் 9ஏ மலையாள மீடியம், 9பி தமிழ் மீடியம். இரண்டிலும் 23 பிள்ளைகள். 9பி என் வகுப்பு. ஓணப் பரீட்சையின் கணக்கு மதிப்பெண்களை ஜியோஜீப்ராவில் பெட்டி வரைபடமாகப் போட்டு எஸ்.ஆர்.ஜி. கூட்டத்துக்குக் கொண்டுபோனேன். மொத்தம் 80 மதிப்பெண். சிறியதில் இருந்து பெரியதாக அடுக்கித் தருகிறேன்.

9ஏ: 22, 41, 44, 46, 47, 48, 50, 51, 52, 53, 54, 55, 56, 57, 58, 59, 60, 62, 63, 65, 66, 70, 80

9பி: 14, 18, 20, 22, 24, 25, 27, 28, 29, 31, 33, 55, 56, 57, 58, 59, 60, 61, 62, 64, 66, 68, 71

கூட்டத்தில் சீனியர் ஒருவர் படத்தைப் பார்த்த உடனே சொன்னது இது: "ரெண்டு வகுப்புக்கும் நடுக்கோடு 55-ல் நிற்குது. அப்போ ரெண்டும் ஒரே நிலை. 9ஏயில் கீழே ஒத்தையாக ஒரு புள்ளி விழுந்திருக்கு, அந்தப் பிள்ளைக்கு மட்டும் தனி வகுப்பு வைச்சால் போதும். 9பியில் புள்ளியே இல்லை, அங்கே ஒண்ணும் பார்க்க வேண்டாம்."

அந்தப் பிள்ளைக்குத் தனி வகுப்பு வைப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் என் வகுப்பில் விடைத்தாள் திருத்தியவள் நான். அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்பதை என்னால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. 9பியின் பெட்டி மிக நீளம், நடுக்கோடு அதன் மேல்முனை அருகே போய் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இந்தப் படத்தை வைத்தே பதில் சொல்ல முடியுமா? அடுத்த வாரம் மறுபடி கூட்டம்.

நல்லேப்பிள்ளி குமார்

டீச்சர், நடுக்கோடு 55-ல் இருந்தால் பாதிப் பேர் அதற்கு மேல், பாதிப் பேர் அதற்குக் கீழ். அந்த அளவுக்கு உங்கள் சீனியர் சொன்னது சரிதான். ஆனால் 9பியில் நடுக்கோட்டுக்குக் கீழே இருக்கிற பெட்டித் துண்டு எவ்வளவு நீளம் பாருங்கள். 25-ல் இருந்து 55 வரை. மேல்துண்டு 55-ல் இருந்து 61 வரைதான். அதனால் கீழ்த்துண்டில்தான் பிள்ளைகள் அதிகம். பெரிய அறையில் அதிகம் பேர் உட்காருவது மாதிரி. இதைச் சொன்னாலே கூட்டத்தில் புரியும்.

பழைய கணக்கு மாஷ்

குமார், முதல் பாதி சரி. இரண்டாம் பாதியைக் கூட்டத்தில் சொல்லிவிடாதீர்கள், டீச்சர். மதிப்பெண்கள் கையில் இருக்கின்றன, எண்ணிப் பார்த்துவிடலாம்.

23 பேர் என்பது நல்ல வசதியான எண். வரிசையில் ஆறாவது பிள்ளை பெட்டியின் கீழ்விளிம்பு, பன்னிரண்டாவது பிள்ளை நடுக்கோடு, பதினெட்டாவது பிள்ளை மேல்விளிம்பு. இந்த மூன்று பேரையும் விட்டால் நான்கு துண்டுகளிலும் ஐந்தைந்து பேர். இது 9ஏக்கும் அப்படியே, 9பிக்கும் அப்படியே. 9பியின் நீளமான கீழ்த்துண்டில் இருப்பவர்கள் 27, 28, 29, 31, 33 வாங்கிய ஐந்து பேர். குட்டியான மேல்துண்டில் இருப்பவர்கள் 56, 57, 58, 59, 60 வாங்கிய ஐந்து பேர். துண்டு நீளமாக இருந்தால் அந்த ஐந்து பேரும் பரவிக் கிடக்கிறார்கள் என்றுதான் பொருள். ஆள் கூடுதல் என்று பொருள் இல்லை. இன்னும் சொன்னால் நீளமான துண்டில்தான் நெரிசல் குறைவு.

இப்போது அந்தக் கீழ்த்துண்டை இன்னும் உற்றுப் பாருங்கள். ஐந்து பேரும் 27-க்கும் 33-க்கும் இடையே முடிந்துவிட்டார்கள். 33-க்குப் பிறகு அடுத்த பிள்ளை 55. நடுவில் 22 மதிப்பெண் அகலத்துக்கு ஒருவர்கூட இல்லை. பெட்டிக்குள் கோடு இல்லாத அந்த வெற்றிடத்தைப் பார்க்கிறவர் அங்கே பிள்ளைகள் இருப்பதாகத்தான் நினைத்துக்கொள்வார். பெட்டி வரைபடத்தின் பெரிய பலவீனம் இதுதான். அது ஐந்து எண்களை மட்டும் வைத்துப் போடுகிற படம். இடையில் பள்ளம் இருந்தாலும், மேடு இருந்தாலும், பெட்டி ஒரே மாதிரி வழவழவென்றுதான் இருக்கும்.

டீச்சர், உங்கள் 9பி ஒரு வகுப்பு இல்லை. 14-ல் இருந்து 33 வரை பதினொரு பேர், 55-ல் இருந்து 71 வரை பன்னிரண்டு பேர். இரண்டு கூட்டம் ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறது.

மீனாட்சிபுரம் டீச்சர்

மாஷ், இதைத்தான் விடைத்தாள் திருத்தும்போது பார்த்தேன், வாயில் சொல்லத் தெரியவில்லை. நடுவே ஆளே இல்லை. ஆனால் மதிப்பெண் பட்டியல் இல்லாமல், படம் மட்டும் கையில் இருந்தால் இதைக் கண்டுபிடிக்க வழி உண்டா? கூட்டத்தில் எல்லா வகுப்புக்கும் படம் மட்டும்தான் காட்டுகிறார்கள்.

பழைய கணக்கு மாஷ்

உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது. சந்தேகப்பட முடியும்.

பெட்டியின் நீளத்தையும், அதன் இரண்டு பக்கமும் கோடாக நீளுகிற மீசைகளின் நீளத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 9ஏயில் பெட்டி 48-ல் இருந்து 62 வரை, 14 மதிப்பெண் நீளம். மேல்மீசை 62-ல் இருந்து 80 வரை, 18 மதிப்பெண். கீழ்மீசை 48-ல் இருந்து 41 வரை, 7. நடுவில் கூட்டமும் ஓரங்களில் ஆள் குறைவுமாக இருக்கிற சாதாரண வகுப்பில், மீசை ஏறக்குறைய பெட்டியின் அளவுக்குப் போவது வழக்கம். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். 9பியில் பெட்டி 36 மதிப்பெண் நீளம். கீழ்மீசை 11, மேல்மீசை 10. பெட்டியில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

நடு ஐம்பது சதவீதம் 36 மதிப்பெண்ணுக்குப் பரவிக் கிடக்கிறது, ஆனால் ஓரத்தில் இருக்கிற பிள்ளைகள் நெருக்கியடித்து நிற்கிறார்கள் என்றால் கூட்டம் நடுவில் இல்லை, இரண்டு ஓரத்திலும் இருக்கிறது. நீளப் பெட்டியும் குட்டை மீசையும் சேர்ந்து வந்தால் மதிப்பெண் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மீடியன் ஒரு விளிம்பில் ஒட்டிக்கொண்டிருந்தால் கட்டாயம் கேளுங்கள்.

அந்த 55 எவ்வளவு ஆட்டம் காண்கிற எண் என்பதையும் கூட்டத்தில் காட்டலாம். 55 வாங்கிய அந்த ஒரு பிள்ளை பரீட்சைக்கு வராமல் இருந்திருந்தால் 22 பேர். அப்போது மீடியன் 33-க்கும் 56-க்கும் நடுவே, 44.5. ஒரு பிள்ளை லீவு போட்டால் பத்துக்கு மேல் இறங்குகிற மீடியன் அது. 9ஏயில் 55 வாங்கிய பிள்ளை வராவிட்டால் மீடியன் 54-க்கும் 56-க்கும் நடுவே, மறுபடியும் அதே 55. இரண்டு வகுப்புக்கும் ஒரே எண் வந்தது தற்செயல்.

வேலந்தாவளம் அப்பா

இந்த இழையைப் பார்த்ததும் என் மகள் விஷயத்தைக் கேட்கத் தோன்றியது. அவள் வேறு பள்ளியில் எட்டாவது படிக்கிறாள். கிளாஸ் பி.டி.ஏ.யில் இதே மாதிரி படத்தைத் திரையில் போட்டு, கீழே இருக்கிற புள்ளியைக் காட்டி, இது அவுட்லையர், வகுப்போடு சேராதது என்றார்கள். யார் என்று பெயர் சொல்லவில்லை. ஆனால் மதிப்பெண்ணைப் பார்த்த உடனே என் மனைவிக்கும் எனக்கும் தெரிந்துவிட்டது, பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் தெரிந்துவிட்டது. இப்போது இங்கேயும் 9ஏ பிள்ளையின் புள்ளியை எடுத்துவிடப் போகிறீர்களா? சேராத மதிப்பெண் என்று நீக்கிவிட்டால் அந்தப் பிள்ளை வகுப்பில் இல்லை என்று ஆகிவிடுமா?

மீனாட்சிபுரம் டீச்சர்

இல்லைங்க, யாரையும் நீக்குகிற பேச்சே இல்லை. படத்தில் தனியாகப் புள்ளி வைப்பது ஜியோஜீப்ரா செய்கிற வேலை. 22 வாங்கிய பிள்ளை 9ஏயின் 23 பேரில் ஒருவர்தான், மீடியன் கணக்கிலும் இருக்கிறார். ஆனால் நீங்கள் சொன்ன பி.டி.ஏ. விஷயம் எனக்கு உறுத்துகிறது. பெற்றோர் முன்னால் புள்ளியோடு படம் காட்டினால் பெயர் சொன்ன மாதிரிதான். நான் காட்டும்போது அதை யோசித்துக்கொள்கிறேன்.

பழைய கணக்கு மாஷ்

அந்த அப்பாவின் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் உங்கள் சீனியர் செய்த தவறும் இதே இடத்தில்தான் இருக்கிறது.

புள்ளி எப்படி விழுகிறது? பெட்டியின் நீளத்தை ஒன்றரையால் பெருக்கி, கீழ்விளிம்பில் இருந்து அந்த அளவு கீழே ஒரு வேலி போடுகிறோம். 9ஏயில் பெட்டி நீளம் 14, ஒன்றரை மடங்கு 21. 48-ல் இருந்து 21 கழித்தால் 27. அந்த வேலி படத்தில் தெரியாது. 27-க்குக் கீழே இருக்கிற மதிப்பெண் புள்ளியாகப் போகும், 22 அப்படித்தான் புள்ளி ஆனது. மீசை 27 வரை நீளாது. வேலிக்கு உள்ளே இருக்கிற கடைசிப் பிள்ளையிடம் நின்றுவிடும், அது 41. மீசையின் முனையைப் பார்த்து "வகுப்பில் மிகக் குறைந்த மதிப்பெண் 41" என்று படித்துவிடுகிற ஆசிரியர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். புள்ளி இருந்தால் அந்தப் புள்ளிதான் குறைந்த மதிப்பெண்.

இப்போது 9பிக்கு வாருங்கள். பெட்டி நீளம் 36, ஒன்றரை மடங்கு 54. 25-ல் இருந்து 54 கழித்தால் மைனஸ் 29. பூஜ்யத்துக்கும் கீழே வேலி. அதாவது 9பியில் ஒரு பிள்ளை சைபர் வாங்கியிருந்தாலும் புள்ளி விழாது. வராத பிள்ளைக்கு யாராவது தவறுதலாக 0 என்று பதிவு செய்திருந்தாலும் விழாது, மீசை கீழே இறங்கிக் காட்டும், அவ்வளவுதான். அதே 22 மதிப்பெண் 9பியிலும் ஒருவர் வாங்கியிருக்கிறார். அங்கே அது மீசைக்குள் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. அவருக்குக் கீழே இன்னும் மூன்று பேர்.

ஆக, புள்ளி என்பது அந்த மதிப்பெண் தன் வகுப்பில் மற்றவர்கள் நிற்கிற இடத்தில் இருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. மோசமான மதிப்பெண்ணா, உதவி வேண்டுமா என்பது வேறு கேள்வி. அதற்கு நிலையான ஒரு கோடு வேண்டும். நம் கேரளத்தில் 30 சதவீதம் என்ற கோடு இருக்கிறது, 80-க்கு 24. அதற்குக் கீழே 9ஏயில் ஒருவர், 9பியில் நால்வர். 24-ஐத் தொட்டுக்கொண்டு ஐந்தாவது ஒருவர். புள்ளி இல்லாத வகுப்பில்தான் உதவி வேண்டியவர்கள் அதிகம்.

வேலந்தாவளத்துக்காரரே, உங்கள் மகள் வகுப்போடு சேராதவள் என்று படம் சொல்லவே இல்லை. வகுப்பில் மற்றவர்கள் நெருக்கமாக இருந்தார்கள், அதனால் அவள் தனியாகத் தெரிந்தாள். ஒன்றரை மடங்கு என்பதும் இயற்கை வகுத்த எல்லை இல்லை. ஜான் டூக்கி 1970-களில் வைத்த வழக்கம். மணி வடிவத்தில் அழகாகப் பரவிய மதிப்பெண்களிலேயே ஆயிரத்துக்கு ஏழு பேர் அளவில் வேலிக்கு வெளியே போவார்கள், அவர்களிடம் எந்தக் கோளாறும் இல்லாமல்.

சித்தூர் காலேஜ்

மாஷ், இதையெல்லாம் படித்துவிட்டு நானும் பைத்தானில் போட்டுப் பார்த்தேன். A, B என்ற பட்டியல்களில் 9ஏ, 9பி மதிப்பெண்களை வைத்துவிட்டு, இதுதான் போட்டது:

```
import matplotlib.pyplot as plt
plt.boxplot([A, B])
plt.show()
```

எனக்கு 9ஏயில் இரண்டு புள்ளி வருகிறது. கீழே 22, மேலே 80. மேல்மீசை 70-லேயே நின்றுவிட்டது. டீச்சர் படத்தில் ஒரு புள்ளிதானே? எண்களை மூன்று முறை சரிபார்த்தேன். நூற்றுக்கு நூறு வாங்கின பிள்ளையும் அவுட்லையரா?

மீனாட்சிபுரம் டீச்சர்

என் படத்தில் 22 மட்டும்தான் புள்ளி, தம்பி. 80 மீசையின் முனை. நான் கொடுத்தது:

```
BoxPlot(1, 0.5, listA, true)
BoxPlot(3, 0.5, listB, true)
```

கடைசியில் true போடாவிட்டால் புள்ளியே வராது, மீசை 22 வரைக்கும் ஒரே கோடாக இறங்கிவிடும். முதல் முறை அப்படி வந்ததைப் பார்த்துத்தான் அதைச் சேர்த்தேன்.

பழைய கணக்கு மாஷ்

இரண்டு பேர் படமும் சரிதான். பெட்டியின் விளிம்பை எங்கே வைப்பது என்பதில் எல்லாருக்கும் ஒரே வழி கிடையாது. ஜியோஜீப்ரா, நடுப்பிள்ளையை விட்டுவிட்டு மீதிப் பதினொரு பேரின் நடுவை எடுக்கிறது. கீழே ஆறாவது பிள்ளை 48, மேலே பதினெட்டாவது பிள்ளை 62. பைத்தானில் அந்தக் கட்டளை ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நடுவே போகிறது, 48-க்கும் 50-க்கும் நடுவே 49. மேலே 60-க்கும் 62-க்கும் நடுவே 61. பெட்டி இரண்டு மதிப்பெண் சுருங்கி 12 ஆகிவிட்டது. ஒன்றரை மடங்கு 18. 61-ஓடு 18 சேர்த்தால் 79. எண்பது வேலியைத் தாண்டிவிட்டது. ஜியோஜீப்ராவில் மேல்வேலி 62-ஓடு 21, 83. எண்பது உள்ளே.

ஆயிரம் பேர் இருந்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. 23 பேர் வகுப்பில் ஒரு பிள்ளையைப் புள்ளி ஆக்கவும் மீசை ஆக்கவும் இதுவே போதும். இரண்டு வகுப்பை ஒப்பிடும்போது இரண்டையும் ஒரே மென்பொருளில், ஒரே அளவுகோலில் போட வேண்டும். ஒரு டிவிஷன் டீச்சர் ஜியோஜீப்ராவில், இன்னொருவர் வேறொன்றில் போட்டுக் கூட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால், மென்பொருளின் வித்தியாசத்தை வகுப்பின் வித்தியாசமாகப் படித்துவிடுவோம்.

மூணாறு எஸ்டேட் ஸ்கூல்

இங்கே எங்கள் தமிழ் மீடியம் ஒன்பதாவதில் மொத்தமே ஏழு பேர். எங்களுக்கும் எல்லா வகுப்புக்கும் பெட்டி வரைபடம் போடச் சொல்லிவிட்டார்கள். போட்டேன், அழகாக வந்தது. 31, 38, 40, 44, 52, 57, 63. இதில் என்ன படிப்பது, மாஷ்?

பழைய கணக்கு மாஷ்

ஒன்றும் படிக்க வேண்டாம். ஏழு பேரில் மூன்று பேர் பெட்டிக் கோடுகள், இரண்டு பேர் மீசை முனைகள். மீதி இரண்டு பேர்தான் படத்தில் காணாமல் போனார்கள். அந்த ஏழு எண்ணையும் அப்படியே ஒரு கோட்டில் புள்ளிகளாக வைத்துவிடுங்கள். படம் அதைவிட எளிதாகாது, எதுவும் மறையவும் மறையாது.

நல்லேப்பிள்ளி குமார்

எண்ணிப் பார்த்தேன், நான்கு துண்டிலும் ஐந்தைந்து பேர்தான். சரி, அப்படியானால் இவ்வளவு சிக்கல் எதற்கு? சராசரி போட்டுவிட்டால் போதுமே. 9ஏக்கு 54.7 வருகிறது, 9பிக்கு 43.8. பதினொரு மதிப்பெண் வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. உங்கள் சீனியரிடம் இதைக் காட்டினால் வாயைத் திறக்க மாட்டார்.

பழைய கணக்கு மாஷ்

இந்த இடத்தில் சராசரி மீடியனைவிட நன்றாகவே எச்சரிக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 43.8 என்று கேட்டதும் கூட்டத்தில் என்ன நினைப்பார்கள்? "9பி மொத்தமாகக் கொஞ்சம் பின்தங்கிய வகுப்பு, பாடத்தை மெதுவாக எடு" என்பார்கள். 43-ஐ ஒட்டி அந்த வகுப்பில் ஒரு பிள்ளைகூட இல்லை. மேலே இருக்கிற பன்னிரண்டு பேருக்கு மெதுவான வகுப்பு தேவையில்லை. கீழே இருக்கிற பதினொரு பேருக்கு அந்த வேகமும் போதாமல் இருக்கலாம். இல்லாத ஒரு பிள்ளைக்குப் பாடம் எடுத்த மாதிரி ஆகிவிடும்.

டீச்சர், சராசரியும் வேண்டாம், மீடியனும் தனியாக வேண்டாம். பெட்டி வரைபடத்துக்குக் கீழேயே இந்தப் புள்ளிப் படத்தையும் போட்டுக் காட்டுங்கள்:

```
DotPlot(listB)
```

இரண்டு கூட்டமும் நடுவில் இருக்கிற பள்ளமும் தானாகத் தெரிந்துவிடும். 24-ல் ஒரு செங்குத்துக் கோடும் போடுங்கள்.

மீனாட்சிபுரம் டீச்சர்

போட்டுப் பார்த்தேன். பள்ளம் அப்படியே கண்ணில் விழுகிறது.

அப்புறம், இரண்டு விஷயம் விசாரித்தேன். 9ஏயில் 22 வாங்கிய பிள்ளையின் விடைத்தாளை அந்த டீச்சரோடு உட்கார்ந்து மறுபடி கூட்டினோம். கூட்டல் சரி, உள்ளே எந்தப் பக்கமும் திருத்தாமல் விடவில்லை. முதல் எட்டுக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள், அதற்குப் பிறகு தாள் வெறும் தாள். அன்றைக்குக் காய்ச்சலோடு வந்து பாதியில் எழுந்து போனதாக ஹாலில் இருந்தவர் சொன்னார். தனி வகுப்பு அவளுக்குத் தேவைப்படாது என்றே தோன்றுகிறது.

9பியின் பதினொரு பேரில் எட்டுப் பேர் ஏழாவது வரை ஒரே யூ.பி. பள்ளியில் படித்தவர்கள். அங்கே கணக்கு அடிப்படை சரியாகப் போடவில்லை என்று எங்கள் ஸ்டாஃப் ரூமில் பேச்சு இருக்கிறது. காரணம் கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பழைய கணக்கு மாஷ்

மேலே இருக்கிற பன்னிரண்டு பேரில் அதே பள்ளியில் இருந்து வந்தவர்கள் எத்தனை? அதைப் பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள். அங்கேயும் எட்டுப் பேர் இருந்தால் உங்கள் காரணம் காற்றில் போய்விடும்.

மீனாட்சிபுரம் டீச்சர்

பார்த்தேன். பன்னிரண்டில் மூன்று பேர்.

பழைய கணக்கு மாஷ்

அப்படியானால் அந்தப் பள்ளியின் பதினொரு பேரில் எட்டுப் பேர் கீழே, மூன்று பேர் மேலே. மற்ற இடங்களில் இருந்து வந்த பன்னிரண்டு பேரில் மூன்று பேர் கீழே, ஒன்பது பேர் மேலே. தொடர்பு இருக்கிற மாதிரிதான் தெரிகிறது. ஆனால் அந்த மூன்று பேர் எப்படி மேலே போனார்கள் என்பதை நான் முதலில் கேட்பேன். அடிப்படை சரியில்லை என்றால் அவர்களுக்கும்தானே சரியில்லை.

வேலந்தாவளம் அப்பா

டீச்சர், அந்த யூ.பி. பள்ளி எந்தப் பக்கம் என்று கேட்க மாட்டேன். ஆனால் எங்கள் ஊர்ப் பக்கப் பிள்ளைகளுக்குக் காலையில் ஒரே பஸ். அது பல நாள் முதல் மணி அடித்த பிறகுதான் வந்து சேரும். அந்த எட்டுப் பேரும் ஒரே ஊர்ப் பக்கம் என்றால் ஒரே பஸ்ஸில்தான் வருவார்கள். 9பிக்குக் கணக்கு எந்தப் பீரியட்?

மீனாட்சிபுரம் டீச்சர்

வாரத்தில் மூன்று நாள் முதல் பீரியட்.

தாமதமாக வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், ஆனால் யார் யார் என்று மதிப்பெண்ணோடு சேர்த்து யோசித்தது இல்லை. மேலே இருக்கிற அந்த மூன்று பேரில் ஒரு பெண்ணை அவள் அப்பா வண்டியில் கொண்டுவந்து விடுகிறார், அது எனக்குத் தெரியும். மற்ற இருவரையும் கேட்க வேண்டும். மலையாள மீடியத்தில் அந்தப் பஸ்ஸில் வருகிறவர்கள் இருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். 9ஏக்குக் கணக்கு மத்தியானம்தான்.

நல்லேப்பிள்ளி குமார்

ஒரு பெண்ணை வைத்துப் பஸ் என்று முடிவு கட்டிவிட முடியாது. அடிப்படை இல்லாமல் வந்தவர்கள் மத்தியான வகுப்பில் உட்கார்ந்தாலும் திணறத்தான் செய்வார்கள். நான் இன்னும் பள்ளி என்றுதான் சொல்வேன்.

பழைய கணக்கு மாஷ்

இரண்டுமாகவும் இருக்கலாம். படம் இதற்கு மேல் பேசாது. இரண்டு கூட்டம் இருக்கிறது என்பது வரைதான் அதனால் சொல்ல முடிந்தது. யார் எந்தக் கூட்டத்தில், ஏன் என்பது வருகைப் பதிவேட்டிலும் விடைத்தாளிலும் இருக்கிறது. கீழே இருக்கிற பதினொரு பேரும் எந்தப் பாடத்தில் மதிப்பெண் விட்டார்கள் என்று கேள்வி வாரியாகப் பாருங்கள், டீச்சர். ஆறு, ஏழாம் வகுப்புப் பின்னம் வேண்டிய கேள்விகளில் விட்டிருந்தால் குமார் பக்கம் சாயலாம். இந்த ஜூனுக்குப் பிறகு முதல் பீரியடில் எடுத்த பாடங்களில் மட்டும் விட்டிருந்தால் பஸ் பக்கம்.

சித்தூர் காலேஜ்

இன்னும் ஒரே ஒரு கேள்வி. டீச்சர் கணக்கு பீரியடை மாற்றினாலோ, அந்தப் பதினொரு பேருக்குத் தனியாக எடுத்தாலோ, கிறிஸ்துமஸ் பரீட்சையில் பலன் கிடைத்ததா என்று எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது? 9பியின் பெட்டி சின்னதானால் போதுமா?

பழைய கணக்கு மாஷ்

போதாது. பெட்டி 36-ல் இருந்து 24 ஆகச் சுருங்கியது என்று வையுங்கள். கீழ்விளிம்பு 25-ல் இருந்து 37-க்கு ஏறி, மேல்விளிம்பு 61-லேயே நின்றால் அது நல்ல சேதி. கீழ்விளிம்பு 25-லேயே கிடக்க, மேல்விளிம்பு 61-ல் இருந்து 49-க்கு இறங்கினாலும் பெட்டி அதே 24 ஆகும். அப்போது நன்றாகப் படித்தவர்களைக் கீழே இழுத்திருக்கிறோம்.

வினாத்தாள் மாறும் என்பதையும் மறக்க வேண்டாம். கிறிஸ்துமஸ் தாள் எளிதாக இருந்தால் இரண்டு வகுப்பின் பெட்டியும் சேர்ந்து மேலே ஏறும். 9ஏ எவ்வளவு ஏறியது என்பதைக் கழித்துக்கொண்டுதான் 9பியைப் பார்க்க வேண்டும். 9ஏயின் கீழ்விளிம்பு 48-ல் இருந்து 53 ஆனால், ஐந்து மதிப்பெண் தாள் கொடுத்தது என்று வைத்துக்கொள்ளலாம். 9பியின் கீழ்விளிம்பு அதைவிடக் கூடுதலாக ஏறினால் டீச்சர் செய்த வேலைக்குப் பலன் இருக்கிறது. அதோடு அந்தப் பதினொரு பேரின் மதிப்பெண்ணையும் பெயர் பெயராக, இரண்டு பரீட்சையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 14-ம் 18-ம் வாங்கிய இருவர் 30-க்கு வந்திருந்தால்கூட அதனால் மட்டும் பெட்டியின் கீழ்விளிம்பு மூன்று மதிப்பெண்தான் நகரும். ஆறாவது பிள்ளை யார் என்பதைத்தான் அது பார்க்கும்.

மீனாட்சிபுரம் டீச்சர்

சரி மாஷ். திங்கள்கிழமை முதல் பீரியட் தாமத வருகையைத் தனியாகக் குறிக்க ஆரம்பிக்கிறேன். கேள்வி வாரியான மதிப்பெண்ணையும் 9பிக்கு எடுத்துவிட்டு இங்கே போடுகிறேன். 9ஏ டீச்சரும் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கூட்டத்தில் பெட்டிக்குக் கீழே புள்ளிப் படத்தையும் வைக்கிறேன். பி.டி.ஏ.யில் மட்டும் புள்ளி இல்லாமல், நான்கு துண்டிலும் எத்தனை பேர் என்று எழுதிக் காட்டலாம் என்று இருக்கிறேன்.